படிக்கத் தெரியாத டிரைவருக்கு வழி சொல்ற வாய்ஸ் மெசேஜ்: எங்க தப்பு பண்ணுதேன்?

கம்பவுண்டர் அக்கா | ஜூன் 11, இரவு 9.50

நாங்குநேரிக்கும் களக்காட்டுக்கும் இடையில, மெயின் ரோட்டை விட்டு உள்ள தள்ளி ஒரு சின்ன கிளினிக்ல மருந்து எடுத்துக் குடுக்கிற வேலை எனக்கு. வியாழக்கிழமை மட்டும் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாத்த ஒரு டாக்டர் வருவாரு. பதினோரு மணி வரைக்கும்தான் இருப்பாரு.

மானூர்ப் பக்கமிருந்து ரெண்டு பேரை ஒரு டிரைவர் அண்ணாச்சி கூட்டிட்டு வாராரு. வண்டி ஓட்ட ஆரம்பிச்சு முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. எழுத்து வாசிக்க வராது, ஆனா நம்பர் தெரியும். போன வாரம் முதல் தடவை வந்தாரு, நான் முந்தின நாளே வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தேன். வந்து சேரும்போது மணி பன்னெண்டரை. டாக்டர் போயாச்சு. அவரு கோவப்படலை. "நீ சொன்ன கோயில்லதாம்மா திரும்புனேன்"ன்னாரு.

நான் பேசினதை அப்படியே எழுதுதேன். நீளம் 2 நிமிசம் 40 செகண்ட்.

"அண்ணாச்சி வணக்கம், நல்லா இருக்கியளா, நாளைக்கு டாக்டர் ஒன்பது மணிக்கு வந்திருவாரு, நீங்க நாங்குநேரியிலேர்ந்து மேக்காம வந்தியன்னா ஒரு நாலு கிலோமீட்டர் இருக்கும், இல்ல அஞ்சு, கோயில் வரும், கோயிலுக்கு எதுத்தாப்புல தெக்காம திரும்பணும், இடது பக்கம், திரும்பி நேரா வந்தா குளம், குளம் தாண்டி ஆஸ்பத்திரி, போர்டு போட்டிருக்கும், அந்த அம்மாவோட பழைய சீட்டை மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லுங்க, சர்க்கரை பாக்கணும் வெறும் வயித்தோட வரச் சொல்லுங்க…"

இப்படியே போகுது. நான் தெளிவாத்தான சொல்லியிருக்கேன்னு அன்னைக்கு நெனச்சேன். எங்க தப்பு?

வள்ளியூர்க்காரன் | ஜூன் 11, இரவு 10.15

லொக்கேஷன் அனுப்புங்க. மேப் தமிழ்லயே பேசும். படிக்கவே வேண்டாம். இதுக்கு எதுக்கு ஒரு இழை?

கம்பவுண்டர் அக்கா | ஜூன் 11, இரவு 10.40

அனுப்பாம இருப்பேனா. மேப் எங்க கிளினிக்குக்குப் பின்பக்கமா, குளத்தங்கரை மேல ஏத்தி விடுது. டிராக்டர் போகும், கார் போகாது. போன மாசம் ஒருத்தர் அங்க மாட்டி, ரிவர்ஸ்லயே அரை கிலோமீட்டர் வந்தாரு. அதுபோக மெயின் ரோட்டை விட்டு இறங்கினா சிக்னல் விட்டு விட்டுத்தான் இருக்கு.

குட்டியானை | ஜூன் 12, காலை 5.20

லோடு ஏத்திட்டு நிக்கேன், சுருக்கமா சொல்லுதேன். எங்கப்பா லாரி டிரைவர், கையெழுத்து மட்டும் போடுவாரு. நானே அவருக்கு இந்த மாதிரி நூறு தடவை பேசி அனுப்பியிருக்கேன்.

முதல் தப்பு, "இடது". வண்டிச் சத்தத்துல "இடது", "வலது" ரெண்டும் "…து"ன்னுதான் காதுல விழும். வித்தியாசமே முதல் ரெண்டு எழுத்துலதான், அந்த ரெண்டைத்தான் இஞ்சின் முழுங்கும். நாங்க "கிளீனர் பக்கம்", "ஸ்டியரிங் பக்கம்"னு சொல்லுவோம். ரெண்டும் வேற வேற ஓசை, வேற வேற நீளம். பாதி கேட்டாலும் புரிஞ்சிரும்.

ரெண்டாவது, "மேக்காம", "தெக்காம". உங்க ஊர்க்காரனுக்கு அது சரி. வெளியூர் டிரைவருக்கு மேகமா இருந்தா மேக்கு எதுன்னு எப்படித் தெரியும்?

மூணாவது பெருசு. சாயங்காலம் சொல்லுதேன்.

பொட்டல்காடு | ஜூன் 12, காலை 8.05

"இடப்புறம்", "வலப்புறம்" என்று நல்ல தமிழில் சொன்னால் குழப்பம் வராது.

குட்டியானை | ஜூன் 12, காலை 8.30

"…ப்புறம்", "…ப்புறம்". இப்போ கடைசி நாலு எழுத்தும் ஒண்ணாயிருச்சு அண்ணே.

ஓய்வு வாத்தியார் | ஜூன் 12, காலை 9.00

குறுக்கே ஒரு சந்தேகம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாடகை வண்டி ஓட்ட லைசென்ஸ் எப்படிக் கிடைத்தது? எட்டாம் வகுப்பு வேண்டுமே.

குட்டியானை | ஜூன் 12, காலை 9.10

அந்த விதியை 2019-லேயே எடுத்துட்டாங்க சார். அதுக்கு முன்னாடியும் எட்டு வரைக்கும் போனவன் எல்லாம் வாசிச்சானா? நீங்க வாத்தியாரு, உங்களுக்குத் தெரியாததா.

ஓய்வு வாத்தியார் | ஜூன் 12, காலை 9.25

தெரியும். அதனால்தான் கேட்டேன். சரி, தொடருங்கள்.

அம்பை ஆச்சி | ஜூன் 12, மதியம் 1.10

எனக்கும் இதே பிரச்சினைதான்மா. எங்க வீட்டுக்காரருக்கு எழுத்து மங்கலாத் தெரியுது, மாத்திரை மாத்திப் போட்டிருதாரு. பேரன் வாய்ஸ்ல "காலையில வெள்ளை, ராத்திரி மஞ்சள்"னு பேசி அனுப்பினான். நல்லாத்தான் போச்சு. மருந்துக் கடைக்காரரு கம்பெனியை மாத்திட்டாரு, இப்போ ரெண்டும் வெள்ளை. அதுக்கு என்ன பண்ண?

கம்பவுண்டர் அக்கா | ஜூன் 12, மதியம் 2.00

ஆச்சி, இது வழி சொல்ற மெசேஜ் பத்தி. ஆனா நீங்க கேட்டதும் எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு, ஏன்னா நானும் தினம் அப்படித்தான் சொல்லிக் குடுக்கேன். நிறத்தை நம்பாதிய. ரெண்டு டப்பா வாங்குங்க, காலை டப்பாவுல ஒரு ரப்பர் பேண்டு சுத்துங்க, ராத்திரி டப்பாவுல ரெண்டு. மாத்திரை வாங்கின அன்னைக்கே கண்ணு தெரியுற யாராவது அட்டையைப் பாத்து அதுல போடணும்.

குட்டியானை | ஜூன் 12, மாலை 6.45

மூணாவது தப்பு: கோயில். எந்தக் கோயில்?

கம்பவுண்டர் அக்கா | ஜூன் 12, இரவு 8.20

இதைப் படிச்சதும் நெத்தியில அடிச்சுக்கிட்டேன். நாங்க கிறிஸ்தவங்க. எங்க வீட்டுல "கோயிலுக்குப் போறேன்"னா சர்ச்சுக்குப் போறதுதான், எங்க தாத்தா காலத்திலேர்ந்து அப்படித்தான். நான் சொன்ன கோயில் வெள்ளைக் கோபுரமும் சிலுவையுமா நிக்கிற எங்க கோயில். அண்ணாச்சிக்குக் கோயில்னா இசக்கியம்மன். அது ரெண்டு கிலோமீட்டர் முன்னாடியே ரோட்டு ஓரத்துல இருக்கு, அதுக்கு எதிரேயும் தெக்க ஒரு ரோடு போகுது. அவரு சொன்னபடி சரியாத் திரும்பியிருக்காரு. அந்த ரோட்டுலயும் ஒரு குளம் இருக்கு! குளம் தாண்டி ஒரு ஆஸ்பத்திரியும் இருக்கு!

அது மாட்டாஸ்பத்திரி. பாட்டி ரெண்டு பேரையும் இறக்கி விட்டுட்டு, உள்ள போயி "சீட்டு எங்கம்மா போடணும்"னு கேட்டிருக்காரு. கட்டு மாத்தணும்னதும் அங்க உள்ளவங்க வண்டியில ஆட்டைத் தேடியிருக்காங்க.

சிரிக்காதிய. நான் சிரிச்சு முடிச்சாச்சு.

வள்ளியூர்க்காரன் | ஜூன் 12, இரவு 8.50

போர்டுல எழுதியிருக்குமே… சரி சரி, இப்பதான் ஒறைக்குது.

கம்பவுண்டர் அக்கா | ஜூன் 14, இரவு 10.00

நேத்து லீவு. எங்க வீட்டுக்காரரு பைக்ல பின்னாடி உக்காந்து, நாங்குநேரி பஸ் ஸ்டாண்டிலேர்ந்து கிளினிக் வரைக்கும் வந்தேன். ஒரு எழுத்தையும் வாசிக்கக் கூடாதுன்னு சபதம். வாசிக்கத் தெரிஞ்ச கண்ணை வச்சுக்கிட்டு வாசிக்காம இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு பண்ணிப் பாருங்க. போர்டு கண்ணுல பட்டதுமே மண்டைக்குள்ள வாசிச்சிருது. கடைசியில போர்டு வந்தா கண்ணை மூடிக்கிட்டேன்.

அப்பதான் தெரிஞ்சது, நான் பத்து வருசமா பாக்காத சாமான் எத்தனைன்னு. ரைஸ்மில் தகரக் கூரை துருப்பிடிச்சு செவப்பா இருக்கு. சர்ச் திருப்பத்துல மூணு பனை ஒண்ணா நிக்குது, நடுப்பனைக்குத் தலை இல்லை. திரும்பினதும் ஸ்பீட் பிரேக்கர் மூணு. கண்ணை மூடியிருந்தாலும் இடுப்பு எண்ணிருது. இது டிரைவருக்கு ராத்திரியிலயும் தெரியும்.

எல்லாத்துக்கும் மேல, மலை. நாங்குநேரியிலேர்ந்து களக்காட்டு ரோட்டுல வரும்போது மலை கண்ணுக்கு நேரா நிக்குது. தெக்க திரும்பினதும் ஸ்டியரிங் பக்கம் போயிருது. திசையே சொல்ல வேண்டாம், மலை எங்க இருக்கணும்னு சொன்னாப் போதும். இது எனக்கு ஏன் இத்தனை நாள் தோணலைன்னு தெரியல.

குட்டியானை | ஜூன் 15, காலை 5.40

மலை அருமை. ஆனா ஒண்ணு யோசிங்க. இசக்கியம்மன் கோயில்ல திரும்பினாலும் மலை அதே ஸ்டியரிங் பக்கம்தான வரும்?

கம்பவுண்டர் அக்கா | ஜூன் 15, காலை 7.15

ஆமா. அய்யோ.

அப்போ மலை எதுக்கு உதவும்னா, நாங்குநேரியில எதிர்த் திசையில கெளம்பிட்டா உடனே தெரிஞ்சிரும். மலை முதுகுக்குப் பின்னால போயிருமே. ஆனா ஒரே பக்கம் பிரியுற ரெண்டு ரோட்டுல எதுன்னு மலை சொல்லாது. அதுக்கு வேற அடையாளம் வேணும்.

குட்டியானை | ஜூன் 15, காலை 7.30

ஒரு அடையாளம் பத்தாது, மூணு சொல்லணும். முன்னாடி வர்ற பொய் அடையாளம், நிஜ அடையாளம், தாண்டிட்டா என்ன வரும்ங்கிறது. எங்கப்பாவுக்கு நான் கடைசியைச் சொல்லாம விட்டா ஏசுவாரு. "தப்பாப் போறேன்னு நான் எப்படிலே தெரிஞ்சுக்கிட?"ன்னு கேப்பாரு. வாசிக்கத் தெரிஞ்சவனுக்கு அடுத்த ஊர் போர்டு சொல்லிரும். அவருக்கு எது சொல்லும்?

கம்பவுண்டர் அக்கா | ஜூன் 17, இரவு 9.30

புதுசாப் பதிஞ்சாச்சு. ஒண்ணா இருந்ததை மூணா ஒடைச்சிட்டேன். ஒரு மெசேஜுக்கு ஒரு திருப்பம்தான், ஒவ்வொண்ணும் இருபது, இருபத்தஞ்சு செகண்ட். எழுதி வச்சுப் பேசினேன்.

முதல் மெசேஜ்:
"அண்ணாச்சி, வண்டிய ஓரமா நிறுத்திட்டுக் கேளுங்க. இது ஒண்ணாவது. நாங்குநேரி பஸ் ஸ்டாண்டு. அங்கேர்ந்து களக்காட்டு பஸ் போற ரோடு. அதுல போங்க. மலை உங்க கண்ணுக்கு நேரா தெரியணும். மலை முதுகுப் பக்கம் போயிட்டா தப்பு. திரும்பிருங்க."

ரெண்டாவது:
"இது ரெண்டாவது. போற வழியில இசக்கியம்மன் கோயில் வரும். அங்க திரும்பாதிய. நேரா போங்க. அடுத்து சிலுவை வச்ச வெள்ளைக் கோபுரம் வரும். பக்கத்துல மூணு பனை. நடுப்பனைக்குத் தலை இல்லை. அங்க கிளீனர் பக்கம் திரும்புங்க. பெட்ரோல் பங்க் வந்துட்டா, தாண்டிட்டிய. திரும்பி வாங்க."

மூணாவது:
"இது மூணாவது. திரும்பின ரோட்டுல மூணு ஸ்பீட் பிரேக்கர். மூணாவது ஏறி எறங்கினதும், ஸ்டியரிங் பக்கம் நீலக் கேட்டு, உள்ள பெரிய வேப்பமரம். அதான் நம்ம ஆஸ்பத்திரி. காணலைன்னா, புண்ணுக்குக் கட்டு கட்டுற ஆஸ்பத்திரி எங்கன்னு கேளுங்க."

சீட்டு, வெறும் வயிறு எல்லாத்தையும் இதுலேர்ந்து எடுத்துட்டேன். அதை நோயாளி வீட்டுக்கே தனியா போன் பண்ணிச் சொல்லிருதேன். வழியும் மருந்தும் ஒண்ணாக் கலந்தா ரெண்டும் நிக்காது.

"எங்க கிளினிக் பேரைச் சொல்லிக் கேளுங்க"ன்னு முன்னாடி சொல்லிக்கிட்டிருந்தேன். எங்க ஊர்ல அந்தப் பேரு யாருக்கும் தெரியாது. கட்டு கட்டுற ஆஸ்பத்திரின்னாத்தான் கை காட்டுவாங்க.

வள்ளியூர்க்காரன் | ஜூன் 17, இரவு 9.55

குளத்தை ஏன் விட்டுட்டிய?

கம்பவுண்டர் அக்கா | ஜூன் 17, இரவு 10.05

இப்போ போயிப் பாருங்க, குளமா அது? சொட்டுத் தண்ணி இல்லை. உடைமரமும் ஆடும்தான். பையங்க கிரிக்கெட் ஆடுதாங்க. வெளியூர்க்காரன் அதைக் குளம்னு நம்ப மாட்டான். எங்களுக்கு மட்டும்தான் அது எப்பவும் குளம்.

கம்பவுண்டர் அக்கா | ஜூன் 18, இரவு 7.40

நாளைக்கு வியாழன். இன்னைக்கு மத்தியானமே மூணையும் அனுப்பிட்டேன், அவரு ஊர்ல சிக்னல் இருக்கும்போதே போன்ல எறங்கிரட்டும்னு. மைக் படம் நீலமாயிருச்சு. கேட்டுட்டாரு.

குட்டியானை | ஜூன் 18, இரவு 8.00

நீலமானா மெசேஜை ஓட விட்டாருன்னு அர்த்தம். புரிஞ்சுதுன்னு அர்த்தம் இல்லை. அவரையே வழியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. "புரிஞ்சுதா"ன்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. "எங்க திரும்புவிய"ன்னு கேளுங்க.

கம்பவுண்டர் அக்கா | ஜூன் 19, மதியம் 2.30

ஒன்பது நாப்பதுக்கே வந்துட்டாரு! ரெண்டு பேருக்கும் கட்டு மாத்தியாச்சு.

ஆனா வழியில ரெண்டு கோளாறு. கேட்டு எழுதி வச்சேன்.

ஒண்ணு, முதல் மெசேஜ் முடிஞ்சதும் ரெண்டாவது தன்னால ஓட ஆரம்பிச்சிருச்சு, அப்புறம் மூணாவது. நான் மூணா ஒடைச்சதுக்கு அர்த்தமே இல்லாமப் போச்சு. "மூச்சு விடாம பேசுதியேம்மா"ன்னாரு. 

இன்னொண்ணு, ரெண்டாவது மெசேஜ்ல "இது ரெண்டாவது"ங்கிறது "…ண்டாவது"ன்னு வெட்டுப்பட்டிருக்கு. நான் பட்டனை அமுக்கின கையோட பேச ஆரம்பிச்சிருக்கேன்.

நேத்து ராத்திரி திருப்பிச் சொல்லச் சொன்னேன்ல, அதுல இன்னொரு சங்கதி. "நடுப்பனைக்குத் தலை இல்லாத எடத்துல கிளீனர் பக்கம்"னு சரியாச் சொன்னாரு. ஆனா பெட்ரோல் பங்கை விட்டுட்டாரு. "பங்க் வந்தா?"ன்னு கேட்டேன். "டீசல் போடணுமா?"ன்னாரு. அவருக்கு அது அடையாளம்னே தோணலை. மறுபடி சொன்னேன்.

குட்டியானை | ஜூன் 19, மாலை 7.00

பட்டனை அமுக்கிட்டு மனசுல ஒண்ணு ரெண்டு எண்ணிட்டுப் பேசுங்க. இல்லன்னா அமுக்கி மேல தள்ளிப் பூட்டிட்டு, கையை எடுத்துட்டுப் பேசுங்க. ஃபேனை நிறுத்திருங்க.

தன்னால ஓடுறதுக்கு: ரெண்டு வாய்ஸுக்கு நடுவுல ஒரு போட்டோ அனுப்புங்க. எனக்கு அங்கேயே நின்னுரும்.

வள்ளியூர்க்காரன் | ஜூன் 19, மாலை 7.20

என் போன்ல முயற்சி பண்ணிப் பாத்தேன், நிக்குது. எங்க அண்ணன் போன்ல நடுவுல ஒரு எழுத்து மெசேஜ் இருந்தும் ஓடிருச்சுங்கான். பழைய போன். எது உண்மைன்னு தெரியல.

கம்பவுண்டர் அக்கா | ஜூன் 20, காலை 6.50

அண்ணாச்சி போன்லயே சோதிச்சுப் பாத்தாச்சு, போட்டோ வச்சா நிக்குது. மத்தவங்க போனுக்கு நான் பொறுப்பில்லை.

போட்டோவும் வீண் இல்லை. முதல் வாய்ஸுக்கு அடுத்து சிலுவைக் கோபுரமும் மூணு பனையும். ரெண்டாவதுக்கு அடுத்து நீலக் கேட்டு. வண்டி ஓட்டுறவரு கண் உயரத்துல, ரோட்டுக்கு நடுவுலேர்ந்து எடுத்தேன். முதல்ல கேட்டுக்கு நேரா நின்னு அழகா எடுத்திருந்தேன். ஆனா டிரைவர் கேட்டை நேரா பாக்க மாட்டாரே, சாய்வாத்தான பாப்பாரு.

கம்பவுண்டர் அக்கா | ஜூன் 20, இரவு 9.15

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். அன்னைக்கு நான் அனுப்பின மெசேஜையே அவரு போன்ல தேடி எடுக்க பத்து நிமிசம் ஆச்சாம். பேரை வாசிக்க முடியாது. படத்தைப் பாத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்காரு. மகளுக்கு மகள் படம், ஓனருக்கு லாரிப் படம். எனக்கு என்ன படம்? ரோஜாப்பூ. அவருக்கு ரோஜாப்பூ வச்சவங்க நாலு பேரு.

கிளினிக் போன்ல நீலக் கேட்டுப் படத்தை வச்சாச்சு.

அம்பை ஆச்சி | ஜூன் 21, காலை 10.30

என் படமும் ரோஜாப்பூதான். மாத்தணுமா?

ஓய்வு வாத்தியார் | ஜூன் 22, காலை 11.00

பாம்பு கடித்து யாராவது வந்தால்? அப்போதும் மூன்று வாய்ஸ் மெசேஜா?

கம்பவுண்டர் அக்கா | ஜூன் 22, மதியம் 1.40

இல்ல சார். அதுக்கு 108. எங்க கிட்ட பாம்புக்கடி மருந்தும் இல்ல, அங்க வந்துட்டா நேரம்தான் போகும். வியாழக்கிழமைக் கட்டுக்கு முன்கூட்டியே தெரிஞ்சு வர்றவங்களுக்கு மட்டும்தான் இதெல்லாம்.

கம்பவுண்டர் அக்கா | ஜூலை 3, இரவு 8.30

புது ஆள். திசையன்விளைப் பக்கம் ஒரு ஆட்டோக்காரர். அதே மூணு மெசேஜை அனுப்பினேன். போன் பண்ணிக் கேக்காரு, "ஆட்டோவுல ஏதுக்கா கிளீனர்?"

நியாயம்தான். ஆட்டோவுல நடுவுல உக்காந்து ஓட்டுதாங்க, கிளீனர் பக்கமும் கிடையாது, ஸ்டியரிங் பக்கமும் கிடையாது.

குட்டியானை | ஜூலை 3, இரவு 9.00

சோத்தாங்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம்னு சொல்லுங்க.

கம்பவுண்டர் அக்கா | ஜூலை 3, இரவு 9.20

கிளினிக் போன்ல போயி பீச்சாங்கைன்னு நான் பேசட்டுமா? டாக்டர் கேட்டாருன்னா?

வள்ளியூர்க்காரன் | ஜூலை 3, இரவு 9.25

நான் இடதுகைக்காரன். எனக்குச் சோத்தாங்கையே இடதுதான். அப்போ நான் பெட்ரோல் பங்குக்குப் போயிருவேன்.

குட்டியானை | ஜூலை 3, இரவு 9.40

சாப்பிடுறது எந்தக் கையில வே?

வள்ளியூர்க்காரன் | ஜூலை 3, இரவு 9.42

வலதுலதான். அம்மா அடிச்சுப் பழக்கினா.

கம்பவுண்டர் அக்கா | ஜூலை 4, காலை 7.00

ஆட்டோவுக்கு இன்னும் ஒரு நல்ல வார்த்தை கிடைக்கலை. இப்போதைக்கு "சிலுவைக் கோபுரத்துக்கு எதுத்தாப்புல போற ரோட்டுல திரும்புங்க"ன்னு சொல்லி விட்டேன். கை, பக்கம் எதுவும் வேண்டாம். அந்தத் திருப்பத்துக்கு மட்டும் அது பொருந்திருச்சு. எல்லா ஊருக்கும் பொருந்தாது.

கம்பவுண்டர் அக்கா | ஆகஸ்ட் 1, இரவு 10.10

ஆடிக் கொடை. இசக்கியம்மன் கோயில்ல பந்தல் ரோடு வரைக்கும் வந்துருச்சு, வண்டியெல்லாம் பக்கத்து மண் ரோட்டுல எறக்கி விடுதாங்க. அண்ணாச்சி நேத்து அப்படி எறங்கி, மறுபடி மெயின் ரோட்டுல ஏறியதும் எந்தப் பக்கம் வந்தோம்னு ஒரு நிமிசம் தடுமாறியிருக்காரு. மலையைப் பாத்தாராம், நேரா நிக்கவும் அந்தப் பக்கமே விட்டுட்டாராம். 

குட்டியானை, மலை ரெண்டு திருப்பத்தைப் பிரிச்சுச் சொல்லாதுன்னு நீங்க சொன்னது சரிதான். ஆனா இதுக்கு ஆச்சு பாருங்க.

குட்டியானை | ஆகஸ்ட் 2, காலை 5.30

நான் எப்போ மலையை வேண்டாம்னேன்.

கம்பவுண்டர் அக்கா | நவம்பர் 20, இரவு 9.00

ரொம்ப நாள் கழிச்சு வாரேன். மழை பிடிச்சிருச்சு. பத்து நாளா மலையே கண்ணுக்குத் தெரியல, காலையில எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே சாம்பல். முதல் மெசேஜ்ல "மலை நேரா தெரியணும்"னு இருக்கு. ஒரு புது டிரைவர் நாங்குநேரியிலேர்ந்து போன் பண்ணி, "மலையே இல்லையேக்கா"ன்னாரு. ஊரை விட்டு மலை எங்க போயிருச்சுன்னு நெனச்சாரோ. மழைக்காலத்துக்குன்னு முதல் மெசேஜை மாத்திப் பதிஞ்சிருக்கேன்: களக்காட்டு பஸ் பின்னாடியே போங்க, செவப்புத் தகரக் கூரை ரைஸ்மில் ஸ்டியரிங் பக்கம் வரணும், வரலைன்னா நின்னு போன் பண்ணுங்க.

குளம் நெறைஞ்சு மறுகால் பாயுது. இப்போ வெளியூர்க்காரனுக்கும் அது குளம்தான்!

வள்ளியூர்க்காரன் | நவம்பர் 20, இரவு 9.20

நான் அப்பவே சொன்னேன்.

கம்பவுண்டர் அக்கா | நவம்பர் 21, இரவு 8.45

அண்ணாச்சி இன்னைக்கு ஒரு காரியம் பண்ணினாரு. அவரு ஊர்லயே இன்னொரு டிரைவர் அடுத்த வாரத்திலேர்ந்து வர்றாராம். என் மெசேஜை அனுப்பி விடுவாருன்னு நெனச்சேன். இல்லை, அவரே தன் குரல்ல பேசி அனுப்பியிருக்காரு. எனக்கும் ஒரு காப்பி. ஒரே மெசேஜ், அம்பது செகண்ட்:

"ஏலே, நாங்குநேரி தாண்டி களக்காட்டு ரோடு. மூணாம் கியர்லயே போ, மாடு குறுக்க வரும். நெல்லு அவிக்கிற வாசம் வரும், ரைஸ்மில்லு. இசக்கியம்மாவைக் கும்பிட்டுட்டு நேரா போ, அங்க திரும்பாத, நான் திரும்பி மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். மொட்டைப்பனை. கிளீனர் பக்கம் ஒடி. ரோடு அங்கேர்ந்து கொஞ்சம் எறக்கம், வண்டி தானாப் போகும். ஸ்பீட் பிரேக்கரு நாலு. நாலாவது ஏறும்போதே டெட்டால் வாசம் அடிக்கும்."

அந்த ரோடு எறக்கம்னு பைக்ல பின்னாடி உக்காந்த எனக்குத் தெரியவே இல்லை. நெல்லு அவிக்கிற வாசம் எனக்கு மூக்குல ஏறுறதே இல்ல, பழகிப் போச்சு.

குட்டியானை | நவம்பர் 22, காலை 5.15

அம்பது செகண்டா ஒரே மூச்சுல அனுப்பியிருக்காரே, ஒடைக்க வேண்டாமா?

கம்பவுண்டர் அக்கா | நவம்பர் 22, காலை 7.30

கேட்டேன். "அவன் கேட்டுட்டு எனக்குத்தான போன் போடுவான்"ன்னுட்டாரு.

ஆனா ஒண்ணு. அவரு நாலுங்காரு, நான் மூணுன்னு பதிஞ்சிருக்கேன். மெசேஜைக் கேட்டதும் போயி எண்ணிப் பாத்தேன். பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி தீபாவளிக்கு அப்புறம் புதுசா ஒண்ணு போட்டிருக்காங்க. தினம் அது மேலதான் ஏறி எறங்கி வேலைக்கு வாரேன். மூணாவது மெசேஜை இன்னைக்கு ராத்திரி மாத்திப் பதியணும், ஃபேனை நிறுத்திட்டு.